ஏழாம் அத்தியாயம்: கேளாமல் எதிர்பார்ப்பன, கேட்டுப் பெறுவன, எதிர்பாராமல் மகிழ்வன

கைபேசி விற்கும் கடையொன்றில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஓரமாக நின்று, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், ஓர் உண்மை தானே விளங்கும். கேமராவைப் பற்றிக் கேட்பவர் உண்டு. சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பவர் உண்டு. ஆனால் இதில் பேசினால் எதிராளிக்குக் கேட்குமா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. கேட்கவில்லை என்பதனால் அது அவர்களுக்கு வேண்டாத குணம் என்று கொள்ளலாமா? வாங்கிச் சென்ற மறுநாள் பேச்சின் நடுவே குரல் கரகரவென்று சிதையுமானால், முதல்நாள் கேமராவைப் பற்றி மட்டும் விசாரித்த அதே மனிதர்தாம் கடை திறப்பதற்கு முன்பே வந்து வாயிலில் நிற்பார். அவர் கேட்காமல் விட்டது அலட்சியத்தால் அன்று. அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை.

புதிய கைபேசி ஒன்றைத் திட்டமிடுகிறவர்களுக்கு இங்கேதான் முதல் சங்கடம் எழுகிறது. வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொன்னவற்றை மட்டும் எழுதிக்கொண்டு அதன்படி செய்தால், மிக முக்கியமானவை பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். நமக்குத் தோன்றியவற்றையெல்லாம் சேர்த்தாலோ விலை ஏறிவிடும். எந்த அம்சத்துக்கு எவ்வளவு செலவு செய்வது, எதை முழுமையாகச் செய்வது, எதைத் துணிந்து விடுவது என்பதைத் தீர்மானிக்கும் ஒரு முறையையே இந்த அத்தியாயம் விவரிக்கிறது.

மூவகைப் பண்புகள்

தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நொரியாக்கி கானோ, உடன் பணியாற்றிய மூவரோடு சேர்ந்து 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருப்தியும் அதிருப்தியும் ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள் அல்ல என்பதே அதன் சாரம். தொழிலாளரின் மனநிலையைப் பற்றி ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்பே இவ்வாறு கூறியிருந்தார். நல்ல கழிப்பிடமும் ஒழுங்கான சம்பளமும் இல்லாவிட்டால் ஊழியன் மனம் கசப்பான், ஆனால் அவை இருப்பதனால் மட்டும் அவன் உற்சாகம் கொள்வதில்லை என்பது அவருடைய கருத்தின் போக்கு. கானோ அந்தச் சிந்தனையைப் பொருள்களின் தரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பொருளின் பண்புகளை வகைப்படுத்தினார். அவற்றுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, அடிப்படைப் பண்பு. ஜப்பானிய மொழியில் கானோ இதற்கு இட்ட பெயருக்குச் 'சொல்லவே வேண்டாதது' என்று பொருள் கொள்ளலாம். பேச்சு தெளிவாகக் கேட்பது, சார்ஜ் ஏற்றும்போது கை சுடாமலிருப்பது, சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது தானாக அணைந்து போகாதிருப்பது ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவை குறைந்தால் கோபம் பொங்கும். நிறைந்திருந்தாலோ ஒருவரும் பாராட்டமாட்டார்கள்.

இரண்டாவது, செயல்திறப் பண்பு. இங்கே திருப்தி பண்பின் அளவோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் நிற்கும், வெயிலில் திரை எவ்வளவு தெளிவாகத் தெரியும், எவ்வளவு படங்களைச் சேமிக்கலாம் என்பனவெல்லாம் இந்த வகை. வாடிக்கையாளர் வாயால் கேட்பவையும், இரண்டு கைபேசிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவையும், பெட்டியின்மேல் எண்களாக அச்சிடப்படுபவையும் பெரும்பாலும் இவையே.

மூன்றாவது, மகிழ்வூட்டும் பண்பு. இது இல்லாவிட்டால் ஒருவருக்கும் குறை தோன்றாது, ஏனெனில் ஒருவரும் அதை எதிர்பார்க்கவில்லை. இருந்துவிட்டாலோ மனம் மலரும். 2003ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் வெளியிட்ட 1100 என்ற கைபேசியைப் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். இந்தியா போன்ற நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அந்தச் சிறு கருவியில், தூசி புகாத விசைப்பலகையோடு, உச்சியில் ஒரு டார்ச் விளக்கும் இருந்தது. மின்சாரம் நின்று போன இரவில் தீப்பெட்டியைத் தடவித் தேட வேண்டியிருந்த ஒரு வீட்டில், ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தவுடன் வெளிச்சம் வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். 'போனில் விளக்கு வேண்டும்' என்று அதற்கு முன் கடையில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தக் கைபேசி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதற்கு விலையும் உறுதியும் நெடுநேரம் நிற்கும் பேட்டரியும் காரணங்களே என்றாலும், மக்கள் அன்போடு நினைவுகூர்வது என்னவோ அந்த விளக்கைத்தான்.

இவற்றோடு இரண்டு வகைகளையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் பொருட்படுத்தாதது அலட்சியப் பண்பு. இருப்பதே வெறுப்பை உண்டாக்குவது எதிர்மறைப் பண்பு. நாம் நிறுவாமலே கைபேசியில் வந்து உட்கார்ந்துகொண்டு விளம்பரம் காட்டும் செயலிகளைப் பலர் இந்தக் கடைசி வகையில் வைப்பார்கள்.

மகிழ்வூட்டுவதை எங்கே தேடுவது

அடிப்படைப் பண்புகளைக் கண்டுபிடிக்கப் பழுது பார்க்கும் கடைகளுக்கும் புகார்க் கடிதங்களுக்கும் போக வேண்டும். மக்கள் அவற்றைச் சொல்லுவது அவை கெட்டுப்போனபோது மட்டுமே. செயல்திறப் பண்புகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மகிழ்வூட்டுவனவோ புகாரிலும் வராது, பதிலிலும் வராது. அவற்றைக் கண்ணால்தான் காண வேண்டும்.

ஒரு முறை நானும் இளம் வடிவமைப்பாளர் ஒருவரும் விடியற்காலையில் ஒரு பூச்சந்தையில் சிலரைச் சந்தித்தோம். மல்லிகைக் குவியலுக்குமுன் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் என் தோழர், "அக்கா, புதுசா போன் வாங்கணும்னா என்ன பார்ப்பீங்க?" என்று கேட்டார். "சத்தம் நல்லா கேக்கணும் தம்பி, சார்ஜ் நிக்கணும். வேற என்ன இருக்கு?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்த கைபேசி மணியடித்தது. பூவின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கை. விரலால் திரையை ஒரு முறை தள்ளினார், எடுக்கவில்லை. மறுபடி தள்ளினார், வேறெதுவோ திறந்தது. பிறகு முந்தானையில் விரலை அழுத்தித் துடைத்து, திரையையும் துடைத்து, மூன்றாம் முறை எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. "வெளியூர் ஆர்டர்காரரு" என்று சொல்லிவிட்டுத் தாமே திரும்ப அழைத்தார். அன்று காலை அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் இதே காட்சியை வேறு பலரிடமும் கண்டோம்.

"திரை ஈரத்துல வேலை செய்யலையே, அது கஷ்டமா இல்லையா அக்கா?" என்று கேட்டபோது அவர் வியப்போடு எங்களைப் பார்த்தார். "தண்ணி பட்டா போன் அப்படித்தானே இருக்கும்?" என்றார். மழை பெய்தால் நனைவோம் என்பதுபோல் அதை இயற்கையென்றே அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். எங்கே ஒருவர் ஒரு தொல்லையை இயற்கையென்று ஏற்றுக்கொண்டு, அதைச் சுற்றித் தமக்கென ஒரு சிறு உபாயத்தையும் பழக்கிக்கொண்டிருக்கிறாரோ, அங்கேதான் மகிழ்வூட்டும் பண்பு மறைந்திருக்கிறது. உண்மையில் இது இயற்கையும் அன்று. விரல் அருகே வரும்போது திரையின் மின்புலத்தில் நேரும் மாறுதலை உணர்ந்தே இக்காலத் திரைகள் வேலை செய்கின்றன. நீர்த்துளியும் அவ்வாறே மாறுதல் உண்டாக்குவதால் கருவி மயங்குகிறது. துளியின் அடையாளத்தையும் விரலின் அடையாளத்தையும் பிரித்தறியும்படி தொடுதிரைக் கட்டுப்பாட்டுச் சில்லையும் அதன் நிரலையும் செம்மைப்படுத்தினால், இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கலாம்.

இரட்டைக் கேள்வி

இவ்வாறு திரட்டிய அம்சங்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதை நம்முடைய ஊகத்துக்கு விடலாகாது. 'இந்த அம்சம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' என்ற ஒற்றைக் கேள்வி இங்கே பயன்படாது. எல்லாமே முக்கியம் என்று சொல்லுவதுதான் மனித சுபாவம். ஆகவே கானோவின் முறையில் ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஈரக் கையால் தொட்டாலும் திரை சரியாக வேலை செய்தால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்பது முதற்கேள்வி. ஈரக் கையால் தொட்டால் திரை வேலை செய்யாவிட்டால் எப்படியிருக்கும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எனக்குப் பிடிக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும், எப்படியிருந்தாலும் சரி, சகித்துக்கொள்வேன், எனக்குப் பிடிக்காது.

இரண்டு விடைகளும் சேர்ந்த சேர்க்கைதான் வகையைச் சொல்லும். இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது என்றால் அது செயல்திறப் பண்பு. இருந்தால் பிடிக்கும், ஆனால் இல்லாமைக்கு நடுவிலுள்ள மூன்று விடைகளுள் ஏதேனும் ஒன்று என்றால் மகிழ்வூட்டும் பண்பு. இருப்பதற்கு நடுவிலுள்ள மூன்றில் ஒன்றைச் சொல்லி, இல்லாவிட்டால் பிடிக்காது என்றால் அடிப்படைப் பண்பு. இரண்டு விடைகளும் நடுவிலுள்ளவையே என்றால் அலட்சியப் பண்பு. இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டாலும் பிடிக்கும் என்றோ, இரண்டுமே பிடிக்காது என்றோ ஒருவர் சொன்னால் அவர் கேள்வியைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்று பொருள். அதை ஐயவிடை என்று தனியே ஒதுக்க வேண்டும். எஞ்சிய சேர்க்கைகள், அதாவது இருப்பதை வெறுப்பனவும் இல்லாமையை விரும்புவனவும், எதிர்மறைப் பண்பைக் குறிப்பன.

கேள்வி அமைப்பதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, உறுப்பின் பெயரைச் சொல்லாமல் அது தரும் பயனைச் சொல்லிக் கேட்க வேண்டும். '6000 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரி இருந்தால் எப்படி?' என்று கேட்டால் பெரிய எண்ணுக்கு மயங்கி எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இன்று காலை சார்ஜ் செய்தால் நாளை இரவு வரை நின்றால் எப்படி?' என்று கேட்டால்தான் தம்முடைய வாழ்வை நினைத்து விடையளிப்பார்கள். இரண்டாவது, இதுவரை ஒருவரும் பார்த்திராத அம்சத்தைச் சொல்லால் மட்டும் விளக்கிக் கேட்கலாகாது. ஒரு மாதிரிக் கருவியையும் ஒரு கிண்ணத் தண்ணீரையும் கையோடு கொண்டுபோய், விரலை நனைத்துத் தொட்டுப் பார்க்கச் செய்த பிறகே கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு

முறையை விளக்குவதற்காக, நடுத்தர விலையில் ஒரு கைபேசி செய்ய எண்ணுவோர் 50 பேரிடம் ஐந்து அம்சங்களைப் பற்றி இவ்வாறு விசாரித்தார்கள் என்றும், கீழ்க்காணும் விடைகள் வந்தன என்றும் பாவித்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்கென நான் அமைத்தவை. வழி மட்டும் கவனிக்கத்தக்கது.

| அம்சம் | அடிப்படை | செயல்திறம் | மகிழ்வு | அலட்சியம் |
|---|---|---|---|---|
| இரண்டு சிம் | 31 | 11 | 2 | 6 |
| இரண்டு நாள் நிற்கும் பேட்டரி | 9 | 26 | 10 | 5 |
| ஈரக் கையிலும் வேலை செய்யும் திரை | 3 | 8 | 27 | 12 |
| மிக அருகில் படமெடுக்கும் கூடுதல் கேமரா | 2 | 3 | 7 | 38 |
| கைரேகைப் பூட்டு | 17 | 13 | 12 | 8 |

பெரும்பான்மை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்ப்பது முதற்படி. முதல் நான்கு அம்சங்களில் ஐயமே இல்லை. ஆனால் பெரும்பான்மையை மட்டும் பார்த்தால், 27 பேர் சொன்னதற்கும் 49 பேர் சொன்னதற்கும் வேற்றுமை தெரியாது போய்விடும். ஆகவே 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ல்ஸ் பெர்கர் முதலானோர் எளிய இரண்டு பின்னங்களை வகுத்தார்கள். அந்த அம்சத்தைச் சேர்த்தால் எத்தனை பேர் மனம் மகிழ்வார்கள் என்பதைக் காட்டும் திருப்தி எண்ணைப் பெற, மகிழ்வையும் செயல்திறத்தையும் கூட்டி நான்கு வகைகளின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். விட்டுவிட்டால் எத்தனை பேர் மனம் கசப்பார்கள் என்பதைக் காட்டும் அதிருப்தி எண்ணைப் பெற, செயல்திறத்தையும் அடிப்படையையும் கூட்டி அதே மொத்தத்தால் வகுக்க வேண்டும். அதிருப்தி எண்ணின் முன்னால் கழித்தற்குறி இடுவது வழக்கம். இங்கே எளிமை கருதி அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு சிம்முக்குத் திருப்தி எண் 0.26, அதிருப்தி எண் 0.84. பேட்டரிக்கு முறையே 0.72, 0.70. ஈரத்திரைக்கு 0.70, 0.22. கூடுதல் கேமராவுக்கு 0.20, 0.10. இந்த நான்கு ஜோடி எண்களையும் சற்று நிதானமாக நோக்கினால், ஒவ்வொன்றும் ஒரு குணத்தை வெளியிடுவது புலப்படும். இரண்டு சிம் சேர்ப்பதனால் புகழ் கிடைக்காது. விட்டால் கைபேசியே நிராகரிக்கப்படும். பேட்டரியில் செய்யும் ஒவ்வொரு முதலீடும் இரு புறமும் பலன் தரும். ஈரத்திரையை விட்டாலும் பழி வராது, சேர்த்தால் பேர் கிடைக்கும். கூடுதல் கேமராவோ எப்புறமும் அசைவதில்லை.

ஐந்தாவது அம்சம் கைரேகைப் பூட்டு. அதன் விடைகள் நான்கு கட்டங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அடிப்படை என்ற கட்டத்தில் 17 இருப்பதைக் கண்டு அதை அடிப்படை என்று முத்திரையிடுவது பெரும்பிழை. விடைகள் சிதறும்போது, வெவ்வேறு வகை மனிதர்களை நாம் ஒரே கூட்டமாக எண்ணிவிட்டோமோ என்றுதான் முதலில் ஐயுற வேண்டும். நம்முடைய 50 பேரில் பாதிப்பேர் கைபேசி வழியே தினமும் பணம் செலுத்தும் இளைஞர்கள், பாதிப்பேர் பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படுத்தும் முதியவர்கள் என்று கொண்டு பிரித்துப் பார்த்தால், இளைஞர் 25 பேரில் 15 பேருக்கு அது அடிப்படை. முதியவர் 25 பேரில் 10 பேருக்கு மகிழ்வு, 7 பேருக்குச் செயல்திறம், 2 பேருக்கு மட்டுமே அடிப்படை. ஒரே அம்சம் ஒரு சாராருக்குச் சோறு, மற்றொரு சாராருக்குப் பாயசம். நாம் கைபேசி செய்வது யாருக்காக என்பதைத் தீர்மானிக்காமல் அந்த அம்சத்தைத் தீர்மானிக்க முடியாது.

தேர்வு செய்தல்

இனிச் செலவுக்கு வருவோம். அடிப்படைப் பண்புகளை முழுமையாகச் செய்து முடித்தபின், ஒரு கைபேசிக்கு 400 ரூபாய் எஞ்சுகிறது என்றும், பேட்டரியைப் பெரிதாக்க 250 ரூபாயும், ஈரத்திரைக்கு 120 ரூபாயும், கூடுதல் கேமராவுக்கு 90 ரூபாயும் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த 400 ரூபாயைக் கணக்கிடுவதற்குமுன் அடிப்படைப் பண்புகளுக்கு உரியதை எடுத்து வைத்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். அவற்றை மற்றவற்றோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது. மேளமும் நாதஸ்வரமும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பந்தியில் சோறு வேகாத கலியாணத்தை யாரும் நல்ல கலியாணம் என்று சொல்லுவதில்லை. ஆனால் அடிப்படைப் பண்பைப் போதுமான அளவுக்கு மேல் வளர்ப்பதும் வீண். மூன்றாவது சிம்முக்கு இடம் வைப்பதனால் எந்தப் பயனும் இல்லை.

எஞ்சிய தொகையில் செயல்திறப் பண்புக்கு முதலிடம். போட்டியாளரின் கைபேசி ஒன்றரை நாள் நிற்கிறது என்றால், நாம் அதற்குக் கீழே போகாமலாவது இருக்க வேண்டும். இயன்றால் அந்த ஒரு பண்பிலேனும் தெளிவாக முந்த வேண்டும். அதற்கு 250 ரூபாய். பிறகு மகிழ்வூட்டும் பண்பு ஒன்று; 120 ரூபாய். ஆக 370 ரூபாயில் வேலை முடிகிறது. மகிழ்வூட்டுவனவற்றுள் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக் குறையின்றிச் செய்வதே நலம். ஐந்தாறு வேடிக்கைகளை அரைகுறையாகச் சேர்த்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு பழுதாகவே முடியும்.

இந்த இடத்தில் விற்பனைப் பிரிவினர் எழுந்து, கூடுதல் கேமரா இருந்தால் பெட்டியின்மேல் 'மூன்று கேமரா' என்று அச்சிடலாமே, கடையில் அதைத்தானே பார்க்கிறார்கள் என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தை அவமதிக்கலாகாது. கடையில் பொருளைக் கையிலெடுக்கும் கணத்தில் எண்ணிக்கைக்கு ஓர் ஈர்ப்பு இருப்பது உண்மையே. ஆனால் நம்முடைய விசாரணை, அந்தக் கேமராவினால் பயன்பாட்டில் மகிழ்வும் இல்லை, இல்லாமையால் வருத்தமும் இல்லை என்று கூறுகிறது. வாங்கி ஒரு மாதம் ஆனவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் எதைப் பற்றிப் பேசுவார் என்பதுதான் அடுத்த விற்பனையைத் தீர்மானிக்கும். அந்தக் கேமராவைப் பற்றிப் பேச அவரிடம் ஒன்றும் இராது. கை நனைந்திருந்தபோதும் எடுக்க முடிந்த அழைப்பைப் பற்றிப் பேச நிச்சயம் இருக்கும்.

முறை தவறும் இடங்கள்

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. சட்டமும் பாதுகாப்பும் சார்ந்தவற்றை வாடிக்கையாளரிடம் வாக்கெடுப்புக்கு விடலாகாது. கைபேசியின் வானொலி அலைகளை உடல் உறிஞ்சும் வீதம் ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேற்படக்கூடாது என்பது இந்தியாவில் 2012 முதல் நடப்பிலுள்ள வரம்பு. அதைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலோர் எப்படியிருந்தாலும் சரி என்றே விடையளிக்கக்கூடும், ஏனெனில் அதை அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பட்டியலில் அலட்சியம் என்று வந்தாலும் உண்மையில் அது மாற்றமுடியாத அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல் யூஎஸ்பி-சி வகைச் சார்ஜ் துளை கட்டாயம் ஆகிவிட்டது. அங்கே விற்பவருக்கு அதைப் பற்றி இனி வாடிக்கையாளரைக் கேட்பதில் பொருளே இல்லை.

ஐயவிடைகள் ஓர் அம்சத்தில் மட்டும் குவியுமானால், மக்கள்மேல் குற்றம் சுமத்தாமல் நம்முடைய கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரே கேள்வியில் இரண்டு அம்சங்களைக் கோத்துவிடுவதும், இல்லை என்ற கேள்வியை இரட்டை எதிர்மறையாக அமைத்துவிடுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். 'சார்ஜ் சீக்கிரம் குறையாமல் இல்லாவிட்டால்' என்று ஒரு வினாத்தாளில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு யாரால் யோசித்து விடை சொல்ல முடியும்? மேலும், 'பிடிக்கும்' என்பதைவிட 'அப்படித்தான் இருக்க வேண்டும்' என்பதே வலிமையான புகழ்ச்சி என்று கருதி விடையளிப்பவர்களும் உண்டு. ஆகவே பத்துப் பேரிடம் முதலில் வாய்மொழியாகக் கேட்டு, அந்த விடையை ஏன் தேர்ந்தீர்கள் என்று உசாவிச் சரிபார்த்த பிறகே தாளை அச்சிட வேண்டும்.

இடமும் காலமும்

ஓர் அம்சத்தின் வகை அந்த அம்சத்திலேயே ஒட்டியிருப்பதன்று. மனிதரின் எதிர்பார்ப்பில் இருப்பது. ஆகவே இடம் மாறினால் வகையும் மாறும். மலிவான கட்டணத்துக்கு ஒன்றும் தெளிவான தொடர்புக்கு மற்றொன்றுமாக இரண்டு எண்களை வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவிய இந்தியாவில் இரண்டு சிம் அடிப்படையாயிற்று. கைபேசியும் தொடர்பும் நெடுங்காலம் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்து விற்கப்பட்ட அமெரிக்காவிலோ பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஓர் ஊரில் எடுத்த பட்டியலை மற்றோர் ஊருக்குத் தூக்கிச் செல்லலாகாது.

காலம் மாறினாலும் அவ்வாறே. தொலைக்காட்சியின் தொலையியக்கியைப் பற்றி ஜப்பானில் 1983, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் எடுத்த விடைகளை ஒப்பிட்டு, மகிழ்வூட்டுவதாக இருந்த அது செயல்திறமாகி, பின்னர் அடிப்படையாகிவிட்ட கதையைக் கானோவே விளக்கியிருக்கிறார். கைபேசியில் இந்தப் பயணம் இன்னும் விரைவானது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஜே-ஃபோன் நிறுவனம் ஜப்பானில் விற்ற, ஷார்ப் நிறுவனம் செய்த கைபேசியின் கேமரா வெறும் 1,10,000 புள்ளிகளால் ஆனது. எடுத்த படத்தை உடனே நண்பருக்கு அனுப்பலாம் என்பதே அன்று பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. பின்னர் எத்தனை மெகாபிக்சல் என்ற போட்டியில் அது செயல்திறமாயிற்று. இன்று கேமராவே இல்லாத கைபேசியை யாரும் கையால் தொடமாட்டார்கள். நோக்கியா 1100 தந்த டார்ச் விளக்கின் கதியும் இதுவே; மின்சாரம் போன இரவில் அது எரியாவிட்டால் இன்று நாம் சலித்துக்கொள்வோமேயன்றி, எரிந்ததற்காக மகிழ்வதில்லை.

இதிலிருந்து நடைமுறையில் கொள்ள வேண்டியது ஒன்று. கைபேசியைத் திட்டமிடத் தொடங்கி அது கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். இன்று மகிழ்வு என்று பட்டியலில் நிற்பது, விற்பனை நாளில் செயல்திறமாக நகர்ந்திருக்கலாம். ஆகவே பட்டியலின் தலைப்பில் ஊரின் பெயரையும் யாரிடம் கேட்டோம் என்பதையும் தேதியையும் மறவாமல் எழுதி, அடுத்த கைபேசிக்குத் திட்டமிடும்போது அதே கேள்விகளை அதே வகை மனிதரிடம் மறுபடியும் கேட்டு, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சந்தை அம்மாளின் கையில் ஈரத்திலும் இயங்கும் கைபேசி வந்துவிட்டால், ஒரு நாள் அவர் அதையும் இயற்கையென்று ஏற்றுக்கொள்வார். அன்று எங்கள் தோழர் மறுபடியும் விடியலில் அங்கே போய், அவர் வேறு எதை முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கும்.